கன்னத்துக்குள் ஏழு வாரமாக ஆறாத புண்: அம்மாவுக்கு எப்படி எழுதுவது?

மூன்றாம் நடைமேடை | 3 ஜூன் 2024, இரவு 9.40

அம்மாவுக்கு 71 வயது. ஊர் தென்காசிப் பக்கம், நான் பெங்களூரில். சித்திரையில் கோயில் கொடைக்குப் போனபோது, சோற்றை வலது பக்கமாகவே ஒதுக்கி மெல்லுவதைப் பார்த்தேன். வாயைத் திற என்றால் திறக்கவில்லை. கடைசியில் அக்கா மகள் செல்போன் டார்ச்சை அடித்துப் பார்த்துவிட்டாள். இடது கன்னத்தின் உள்ளே, கடைவாய்ப் பல்லுக்கு நேராக ஒரு புண். சுற்றிலும் தோல் வெள்ளையாக இருக்கிறது. ஐம்பது வருஷமாக அம்மா வெற்றிலையை அடக்கி வைக்கும் இடம் அதுதான்.

நேற்று மறுபடி பார்க்கச் சொன்னேன். அப்படியே இருக்கிறதாம். ஏழு வாரம்.

அம்மா சொல்வது ஒன்றே ஒன்று. "வலிக்கலையேல. வலிக்காததுக்கு எதுக்கு டாக்டரு?" அதற்கு மேல் பேசினால் சிக்னல் சரியில்லை என்று போனை வைத்துவிடுவாள். பெரியம்மா ஆஸ்பத்திரிக்குப் போய்ப் பதினோராம் நாள் திரும்பி வராமல் போனதிலிருந்து அந்த வாசலையே மிதிப்பதில்லை. பிரஷர் மாத்திரையும் இருதய மாத்திரையும் கூட அக்காதான் வாங்கி வருகிறாள்.

ஐந்தாம் வகுப்புவரை படித்தவள். கண்ணாடி போட்டுக்கொண்டு தினசரி முழுக்க வாசிப்பாள். அதனால் கடிதம் எழுதலாம் என்று உட்கார்ந்தேன். முதல் வரி இப்படி வந்தது: "அம்மா, இது கேன்சராக இருக்கலாம், இன்னும் எத்தனை நாள் பிடிவாதம் பிடிப்பாய்." நானே கிழித்துப் போட்டுவிட்டேன். அந்த வார்த்தையைப் போடலாமா கூடாதா? போட்டால் பயந்து இன்னும் ஒளிப்பாள். போடாவிட்டால் ஏன் போகவேண்டும் என்பதே விளங்காது.

கைவைத்தியம் | 3 ஜூன், இரவு 10.25

எல்லோரும் உடனே கேன்சர் என்று ஓடுகிறீர்கள். வாய்ப்புண் வந்தால் வயிற்றுச் சூடு. மணத்தக்காளிக் கீரை ஒரு மண்டலம், கூடவே பி காம்ப்ளக்ஸ். என் மனைவிக்கு மாதாமாதம் வரும், இதில்தான் நின்றது.

காபிப்பொடி | 4 ஜூன், காலை 6.50

வெற்றிலையை ஒரேயடியாக நிறுத்தச் சொல்லாதீர்கள், முடியாது. முதலில் பாக்கைக் குறைக்கட்டும். வாய் நமநமவென்று இருந்தால் சோம்பு, கிராம்பு. என் அத்தை அப்படித்தான் விட்டார். கொஞ்சம் கொஞ்சமாக, ஒரு வருஷம்.

மூன்றாம் நடைமேடை | 4 ஜூன், காலை 8.10

@காபிப்பொடி, நான் கேட்டது அதில்லை. வெற்றிலையை விடுவதற்கு அவளுக்கு ஒரு வருஷம் இருக்கட்டும், புண்ணைக் காட்ட ஒரு வருஷம் கொடுக்க முடியாது.

பல்லோடு 34 வருஷம் | 4 ஜூன், மதியம் 1.15

அரசு ஆஸ்பத்திரியில் பல் டாக்டராக இருந்து ஓய்வு பெற்றவன். நேரே விஷயத்துக்கு வருகிறேன்.

கைவைத்தியம் சொல்வது அவர் மனைவிக்குச் சரி. சின்னச் சின்னதாக, ஒரு தடவை உதட்டில், ஒரு தடவை நாக்கில் என்று இடம் மாறி மாறி வரும் புண் வேறு. அது உயிர் போகிற மாதிரி எரியும், பத்துப் பதினைந்து நாளில் தானாக ஆறும். சத்துக் குறைவால் வருவதும் உண்டு, மாத்திரை கேட்கும். இங்கே நடப்பது நேர்மாறு. ஒரே இடம், ஏழு வாரம், வலி இல்லை. நாங்கள் கேட்கும் முதல் கேள்வியே "எத்தனை நாளாக?" என்பதுதான். இரண்டு வாரம், மிஞ்சினால் மூன்று. அதைத் தாண்டினால் ஒரு கை பார்த்தே ஆகவேண்டும். கெட்ட புண் தொடக்கத்தில் பெரும்பாலும் வலிக்காது. வலித்துக்கொண்டு வருகிறவர்களில் நிறையப் பேர் தாமதமாகத்தான் வந்திருப்பார்கள்.

உங்கள் அக்கா மகளிடம் நாலு விஷயம் கேளுங்கள். புண்ணுக்கு எதிரே உடைந்த பல், கூரான முனை ஏதாவது உண்டா? கையைக் கழுவிவிட்டு விரலால் தொட்டால் ஓரம் மெத்தென்று இருக்கிறதா, புளியங்கொட்டை மாதிரி கெட்டியாக இருக்கிறதா? தாடைக்குக் கீழே உருண்டை தட்டுப்படுகிறதா? அம்மாவின் மூன்று விரலைச் சேர்த்து நிமிர்த்தி வாய்க்குள் விட முடிகிறதா? இதெல்லாம் நல்லபடியாக இருந்தாலும் போகத்தான் வேண்டும். எவ்வளவு அவசரம் என்று தெரிந்துகொள்ளத்தான் கேட்கிறேன்.

மூன்றாம் நடைமேடை | 4 ஜூன், இரவு 9.05

கேட்டாச்சு. எதிரே கடைவாய்ப்பல் ஒன்று பாதி உடைந்து முள் மாதிரி நிற்கிறது. புண் நாலணா அளவு. ஓரம் "கொஞ்சம் கெட்டி, ஆனா எனக்குச் சொல்லத் தெரியல மாமா" என்கிறாள். தாடைக்குக் கீழே ஒன்றும் இல்லை. விரல் இரண்டு போகிறது, மூன்றாவது போகவில்லை. வாய் சின்ன வாய் என்று அம்மா வாதாடினாளாம்.

அப்புறம் ஒன்று. நாலு வருஷம் முன்னால் நாங்கள் சண்டை போட்டதில் புகையிலையை விட்டுவிட்டாள். இப்போது வெறும் வெற்றிலை, பாக்கு, சுண்ணாம்புதான். அதனால் பயம் குறைவுதானே?

பல்லோடு 34 வருஷம் | 4 ஜூன், இரவு 10.30

விட்டது நல்லது, மறுக்கவில்லை. ஆனால் பாக்கே புற்றுநோய் உண்டாக்கும் பொருள்தான். உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு நிறுவனம் 2004இல் வெளியிட்ட தொகுப்பில், புகையிலை சேராத வெற்றிலைப் பாக்கையும் தனிப் பாக்கையும் அந்தப் பட்டியலில் சேர்த்துவிட்டது. மூன்றாவது விரல் போகாததற்கும் பாக்குதான் காரணமாக இருக்கும். கன்னத்துத் தோல் உள்ளே நார் நாராக இறுகிப்போகும். சின்ன வாய் என்று எல்லா அம்மாக்களும்தான் சொல்வார்கள்.

உடைந்த பல் இருப்பது நல்ல செய்திதான். வெறும் உராய்வுப் புண்ணாகவும் இருக்கலாம். முனையைத் தேய்த்துவிட்டால் இரண்டு வாரத்தில் ஆறிவிடும். ஆறாவிட்டால் சதை எடுத்துப் பார்ப்பார்கள். அம்மாவைக் கூப்பிட உங்களுக்கு இதைவிட நல்ல வாசல் கிடைக்காது. போவது பல்லைத் தேய்க்க.

மருமகள் 2 | 5 ஜூன், காலை 11.20

என் மாமியாருக்கு இதே கதை, போன வருஷம். கோயம்புத்தூர் பக்கம். மூன்று மாதம் மறைத்தார்.

சதை எடுப்பது பெரிய ஆப்பரேஷன் என்று நினைத்துக்கொண்டிருந்தோம். பல் பிடுங்கும் அதே நாற்காலி. ஈறுக்குப் பக்கத்தில் ஒரு ஊசி, அதுதான் கொஞ்சம் சுருக்கென்றது. புண்ணின் ஓரத்திலிருந்து, நல்ல தோலும் கொஞ்சம் சேர்த்து, அரிசி மணி அளவுக்கு எடுத்தார்கள். இரண்டு தையல். பஞ்சைக் கடித்துக்கொண்டு அரை மணி உட்கார்ந்தோம். ராத்திரி ஆறிய கஞ்சி, மறுநாள் தயிர் சோறு. எட்டாம் நாள் ரிப்போர்ட். புற்று இல்லை, ஆனால் அப்படி ஆகக்கூடிய மாற்றம் இருக்கிறது என்றார்கள். வெள்ளைத் தோலை மட்டும் எடுத்துவிட்டு, இப்போது மூன்று மாதத்துக்கு ஒரு தடவை காட்டிவிட்டு வருகிறோம்.

எப்படிக் கூட்டிப்போனேன் தெரியுமா? எனக்குப் பல்வலி, துணைக்கு வாங்க அத்தை என்றேன். அங்கே போனதும் டாக்டரிடம் கண்ணைக் காட்டிவிட்டேன். நீங்களும் அதையே செய்யுங்கள், கடிதமெல்லாம் எதற்கு?

மூன்றாம் நடைமேடை | 6 ஜூன், இரவு 11.50

@மருமகள் 2, உங்கள் யோசனை நன்றாகத்தான் இருக்கிறது. நேற்று முழுக்க அதையே நினைத்துக்கொண்டிருந்தேன், மனசு ஒப்பவில்லை. பெரியம்மாவை அப்படித்தான் கூட்டிப்போனோம். "சும்மா ஒரு ஸ்கேன், சாயங்காலம் வந்துரலாம்." அம்மாதான் கூடப் போனாள். சாயங்காலம் வரவில்லை. அம்மாவுக்கு ஆஸ்பத்திரி மேல் உள்ள பயத்தில் பாதி, எங்கள் பேச்சின் மேல் உள்ள அவநம்பிக்கை என்று இப்போதுதான் தோன்றுகிறது. இன்னொரு தடவை ஏமாற்றினால் முதல் நாள் வருவாள், ரிப்போர்ட் வாங்க வரமாட்டாள்.

கிழித்துப்போட்ட கடிதத்தில் நாலு வரி வெற்றிலையை விடச் சொல்லி இருந்தது. @காபிப்பொடி, உங்கள் மேல் எரிந்து விழுந்தேன், ஆனால் நானும் அதைத்தான் செய்திருக்கிறேன். இரண்டையும் ஒரே தாளில் எழுதினால் அவள் வெற்றிலைக்குப் பதில் சொல்லிவிட்டு புண்ணை விட்டுவிடுவாள். எடுத்துவிட்டேன்.

கைவைத்தியம் | 7 ஜூன், காலை 7.30

சதை எடுக்க விடாதீர்கள். கத்தி பட்டால் பரவும். என் சித்தப்பாவுக்கு அப்படித்தான் ஆயிற்று. எடுத்த ஆறாம் மாதம் போய்விட்டார். கண்ணால் பார்த்தது.

பல்லோடு 34 வருஷம் | 7 ஜூன், மதியம் 2.40

உங்கள் சித்தப்பாவுக்காக வருந்துகிறேன். ஒன்றே ஒன்று கேட்கிறேன். சதை எடுக்கப் போனபோது அவரால் வாயைத் திறக்க முடிந்ததா, கழுத்தில் கட்டி இருந்ததா?

கைவைத்தியம் | 7 ஜூன், மாலை 6.15

கட்டி இருந்தது. சோறு இறங்கவில்லை, கஞ்சிதான். ஆனாலும் கத்தி பட்ட பிறகுதான் வேகம் பிடித்தது. நான் ஒத்துக்கொள்ள மாட்டேன்.

பல்லோடு 34 வருஷம் | 7 ஜூன், இரவு 8.00

கழுத்துக்குப் போன பிறகுதான் ஆஸ்பத்திரிக்குப் போயிருக்கிறார். அந்தக் கட்டத்தில் சதை எடுத்தாலும் எடுக்காவிட்டாலும் அது ஓடிக்கொண்டுதான் இருக்கும். வாய்ப்புண்ணில் ஓரத்துச் சதை எடுப்பதால் நோய் பரவுகிறது என்று காட்டுகிற சான்று கிடையாது. எடுக்காமல் வைத்தியம் தொடங்கவும் முடியாது. உங்களை மாற்ற இதைச் சொல்லவில்லை, அந்த அம்மாவின் மகனுக்காகச் சொல்கிறேன்.

இன்னொன்று. பெரிய மெஷின் எல்லாம் வேண்டாம், வெளிச்சமும் கண்ணும் போதும். திருவனந்தபுரம் மாவட்டத்தில் 1996இல் தொடங்கி, பயிற்சி பெற்ற ஊழியர்கள் வீடு வீடாகப் போய் வாயைத் திறந்து பார்த்தார்கள். 2005இல் முடிவு வந்தது. புகையிலை அல்லது மதுப் பழக்கம் உள்ளவர்களிடையே வாய்ப்புற்றால் சாவது, பார்க்காத பகுதிகளைவிட ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு குறைவு. உங்கள் அக்கா மகள் டார்ச் அடித்தாளே, பாதி வேலை அதோடு முடிந்தது.

மூன்றாம் நடைமேடை | 9 ஜூன், மாலை 4.20

ஞாயிற்றுக்கிழமை, மழை, வீட்டில் யாரும் இல்லை. எழுதிவிட்டேன். திட்டுவதென்றால் திட்டுங்கள்.

> அம்மாவுக்கு,
>
> போனில் பேசினால் சிக்னல் போய்விடுகிறது. தபாலுக்கு அந்தத் தொந்தரவு இல்லை. வெற்றிலையைப் பற்றி இதில் ஒரு வார்த்தை கிடையாது, அதனால் முழுக்கப் படி.
>
> கன்னத்துப் புண்தான் விஷயம். வலிக்கவில்லையே என்கிறாய். பொங்கலுக்கு முறுக்கு தின்னும்போது உதட்டைக் கடித்துக்கொண்டாயே, ஞாபகம் இருக்கிறதா? இரண்டு நாள் ரசம் கூட இறங்கவில்லை. ஆனால் காணும் பொங்கல் கழிந்து நான் ஊருக்குக் கிளம்பும்போது தடமே இல்லை. வாய்ப்புண் அவ்வளவு சீக்கிரம் ஆறும். இது கொடைக்குப் பார்த்தது. வைகாசி முடியப்போகிறது, இன்னும் ஆறவில்லை. ஓய்வு பெற்ற ஒரு பல் டாக்டரிடம் விசாரித்தேன். வலிக்கிறதா என்று அவர் கேட்கவே இல்லை. எத்தனை நாள் என்றுதான் கேட்டார். வலியே இல்லாமல் இத்தனை நாள் ஆறாததுதான் அவரை யோசிக்க வைத்தது.
>
> அந்தப் பக்கம் பல் ஒன்று உடைந்து முள்ளாக நிற்கிறது. அது உரசி உரசிப் புண் ஆகியிருக்கலாம். அப்படியென்றால் முனையைத் தேய்த்துவிட்டால் போதும். கெட்டதாகவும் இருக்கலாம். நீ வாயில் எடுக்காத அந்தப் பெயர்தான், உன்னிடம் மறைக்கமாட்டேன். எதுவென்று உனக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. பார்த்தால்தான் தெரியும். ஆனால் இன்றைக்கு அது நாலணா அளவுதான். கெட்டதாகவே இருந்தாலும் நாலணாவாக இருக்கும்போது அந்த இடத்தை மட்டும் எடுத்து முடிக்க வழி உண்டு. உள்ளங்கை அளவானால் தாடை, கழுத்து, கரண்ட் என்று போகும். நீ எதற்குப் பயப்படுகிறாயோ, அது காத்திருந்தால்தான் வரும்.
>
> பெரியம்மாவை நினைப்பாய். நானும் நினைக்கிறேன். சாயங்காலம் வந்துரலாம் என்று நாங்கள் சொன்னது பொய். யாருக்கும் அன்றைக்கு எதுவும் தெரியாது, தெரிந்த மாதிரி பேசினோம். உன்னிடம் அப்படிப் பேசமாட்டேன்.
>
> நடக்கப்போவது இதுதான். நான் ஒரு நாள் லீவு போட்டு வருவேன். பல் டாக்டர் நாற்காலியில் உட்கார வைத்துப் பார்ப்பார், பல்லைத் தேய்ப்பார். படுக்க வைக்கமாட்டார்கள், அன்றைக்கே வீடு. இரண்டு வாரத்தில் ஆறாவிட்டால் இன்னொரு நாள், ஒரு ஊசி போட்டு அரிசி அளவு சதை எடுப்பார்கள். அதோடு முடிந்தது. உன்னைக் கேட்காமல் யாரும் எதுவும் செய்யமாட்டார்கள். போதும் என்று நீ சொன்னால் எழுந்து வந்துவிடுவோம். நான் பக்கத்திலேயே நிற்பேன்.
>
> வருகிற கிழமையை நீ சொல்.

பல்லோடு 34 வருஷம் | 9 ஜூன், இரவு 7.45

நன்றாக இருக்கிறது. ஒரு வரி மட்டும் இடிக்கிறது. "அதோடு முடிந்தது" என்று எழுதியிருக்கிறீர்கள். முடியாமலும் போகலாம் இல்லையா? ரிப்போர்ட் கெட்டதாக வந்தால், நீங்கள் பெரியம்மாவிடம் சொன்ன சாயங்காலம் இதுதான் என்று ஆகிவிடும்.

அப்புறம், தினமும் இருதய மாத்திரை சாப்பிடுகிறார் என்றீர்களே. ரத்தம் உறையாமல் இருக்கும் மாத்திரையாக இருக்கும். அட்டையோடு கொண்டு போய்க் காட்டுங்கள். நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். போகிற வழியில் மருந்துக்கடைக்காரர் தரும் வாய்ப்புண் தைலத்தையும் வாங்கித் தடவவேண்டாம். புண்ணை மரக்கச் செய்து இன்னும் ஒரு மாதம் தள்ளிப்போட வைக்கும்.

மூன்றாம் நடைமேடை | 9 ஜூன், இரவு 8.10

அடித்துவிட்டேன். "ரிப்போர்ட் வந்த பிறகு என்ன என்று இரண்டு பேரும் உட்கார்ந்து பேசுவோம்" என்று மாற்றினேன். நானே எழுதி நானே கவனிக்கவில்லை பாருங்கள், பழக்கம்.

மருமகள் 2 | 9 ஜூன், இரவு 9.30

"தாடை, கழுத்து, கரண்ட்" வரி எனக்குக் கொஞ்சம் கடுமையாகப் படுகிறது. 71 வயது அம்மா, தனியாக உட்கார்ந்து படிப்பார். யோசியுங்கள்.

மூன்றாம் நடைமேடை | 10 ஜூன், காலை 8.55

யோசித்தேன். அதை எடுத்தால் ஏன் இப்போது என்பதற்குக் காரணமே இல்லாமல் போகிறது. அப்படியே விட்டுவிட்டேன். சரியா தவறா தெரியவில்லை. தபாலில் போட்டாச்சு.

மூன்றாம் நடைமேடை | 16 ஜூன், மாலை 6.00

கடிதம் வெள்ளிக்கிழமையே கிடைத்துவிட்டதாம். அம்மா போன் பண்ணவில்லை. அக்கா சொல்கிறாள், இரண்டு தடவை படித்தாளாம், பிறகு மடித்து வெற்றிலைப் பெட்டிக்குள் வைத்துவிட்டாளாம். இன்றைக்கு மத்தியானம் மட்டும் கேட்டாளாம்: "அவன் லீவு போட்டா சம்பளம் பிடிப்பானா?"

காபிப்பொடி | 16 ஜூன், இரவு 7.20

கிளம்புங்கள் ஐயா. அது சம்மதம்தான்.

மூன்றாம் நடைமேடை | 18 ஜூன், காலை 10.40

ராத்திரி ரயிலில் போய் நேற்று கூட்டிப்போனேன். டாக்டர் சின்னப் பெண், முப்பது இருக்கும். அம்மாவின் வாயைவிடக் கையைத்தான் முதலில் பிடித்தாள். விரலை உள்ளே விட்டு ஓரத்தைத் தடவினாள், கழுத்தைத் தடவினாள், சின்ன அளவுகோலால் அளந்து 18 மில்லிமீட்டர் என்று எழுதினாள். நாலணா சரியாகத்தான் இருந்திருக்கிறது. பல் முனையைத் தேய்த்த சத்தம் வெளியே வரை கேட்டது. இருபது நிமிஷத்தில் வந்துவிட்டோம். ஜூலை 1 மறுபடி வரச் சொன்னாள்.

பஸ்ஸில் அம்மா ஒன்றும் பேசவில்லை. இறங்கும்போது, "அந்தப் புள்ளை ஏசவே இல்லையேல" என்றாள்.

கைவைத்தியம் | 18 ஜூன், மதியம் 12.15

நல்லது. கீரையையும் விடாதீர்கள்.

மூன்றாம் நடைமேடை | 1 ஜூலை, இரவு 8.30

இரண்டு வாரம் ஆயிற்று. முன்பக்கம் கொஞ்சம் ஆறியிருக்கிறது, பின் ஓரம் ஆறவில்லை. 14 மில்லிமீட்டர். சுருங்கியிருக்கிறதே, இன்னும் இரண்டு வாரம் பார்க்கலாமா என்று நான்தான் கேட்டேன். டாக்டர் வேண்டாம் என்றாள், பின் ஓரம் கெட்டியாகவே இருக்கிறதாம். புதன்கிழமை சதை எடுக்கிறார்கள்.

@பல்லோடு 34 வருஷம், சுருங்குவது நல்ல குறிதானே?

பல்லோடு 34 வருஷம் | 1 ஜூலை, இரவு 9.10

உராய்ந்த பகுதி ஆறியிருக்கிறது. மிச்சம் என்ன என்று இங்கே உட்கார்ந்து சொல்லமாட்டேன். அந்தப் பெண் செய்வது சரி.

மூன்றாம் நடைமேடை | 1 ஜூலை, இரவு 11.35

அம்மா என் கடிதத்தின் பின்பக்கத்திலேயே பதில் எழுதி வைத்திருந்தாள். கிளம்பும்போது கையில் கொடுத்தாள், ரயிலில்தான் பிரித்தேன். பென்சில் எழுத்து, சுண்ணாம்புக் கறை.

"புதன் காலைல வந்துரு. மாத்திரை அட்டை எடுத்து வச்சிட்டேன். தையல் போட்டா எத்தனை நாளைக்கு வெத்தல போடக் கூடாதுன்னு அந்தப் புள்ளகிட்ட நீ கேளு, எனக்குக் கேக்க வெக்கமா இருக்கு. இடிக்கிற உரலை அக்காகிட்ட குடுத்துட்டேன். தூக்கிப் போட வேண்டாம்னு சொல்லு."